ஆண்டு முடிந்து தரும் ரிபேட் எந்த ஆண்டின் விற்பனையைக் குறைக்கும்?

கேள்வி: "நான் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர் வாங்கிய மொத்த அளவைப் பார்த்து, ஆண்டு முடிந்து இரண்டு மாதம் கழித்து ரிபேட் கொடுக்கிறோம். கிரெடிட் நோட் போடும் நாளில்தான் அதை விற்பனைச் செலவாக எழுதுவது எங்கள் வழக்கம். புதிதாக வந்த ஆடிட்டர், விற்ற ஆண்டிலேயே மதிப்பிட்டு விற்பனையில் குறைக்கச் சொல்கிறார். எவ்வளவு என்றே தெரியாத தொகையை எப்படிக் குறைப்பது? போன ஆண்டு ரிபேட் வேறு இந்த ஆண்டுச் செலவில் உட்கார்ந்திருக்கிறதே, இரண்டையும் ஒரே ஆண்டு தாங்க வேண்டுமா?"

பதில்:

உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் கணக்கு தானாக வந்துவிடும்.

ஒரு பெட்டியை 100-க்கு விற்கிறீர்கள். ஆண்டு இறுதியில் அந்தப் பெட்டிக்கு 3 திருப்பித் தரப் போகிறீர்கள் என்றால், அந்தப் பெட்டியின் உண்மையான விலை 97. இன்வாய்ஸில் 100 என்று அச்சாகியிருப்பதால் அது 100 ஆகிவிடாது. வாடிக்கையாளரும் மனத்தில் 97 என்று வைத்துத்தான் உங்களிடம் ஆர்டர் தருகிறார். ஆகவே ரிபேட் என்பது ஆண்டு முடிந்த பிறகு முளைக்கும் செலவு அல்ல. முதல் பெட்டி கிடங்கை விட்டு வெளியேறும்போதே விலைக்குள் அடங்கியிருக்கும் குறைப்பு அது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும், வருவாய்க்கான சர்வதேசக் கணக்குத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15 இதை 'மாறக்கூடிய விலை' என்ற தலைப்பில் வைக்கிறது. விற்கும்போதே மதிப்பிடு, ஒவ்வொரு கணக்கு முடிவிலும் மதிப்பீட்டைப் புதுப்பி, விற்பனையை நிகரமாகக் காட்டு என்பதுதான் அது கேட்பது. பதிலுக்கு வாடிக்கையாளர் உங்களுக்குத் தனியாக ஒரு சேவை செய்து, அதற்காகப் பணம் வாங்கினால் மட்டுமே அது செலவுப் பக்கம் போகும். அதிகம் வாங்கியதற்குத் தரும் ரிபேட்டில் அப்படி எந்தச் சேவையும் இல்லை.

கணக்கைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கீம் கடிதத்தை எடுத்து, ஸ்லாபைத் தாண்டினால் ரிபேட் எந்தப் பெட்டிகளுக்கு என்று படியுங்கள். முதல் பெட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் உண்டா, அல்லது ஸ்லாபுக்கு மேல் வாங்கிய பெட்டிகளுக்கு மட்டுமா? இரண்டாவது வகை என்றால், முன்பு விற்ற பெட்டிகளின் விலை பின்னால் மாறப்போவதில்லை. அங்கே கேள்வி வேறு: மேலே வாங்கும்போது குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையையும் சேர்த்து விற்றீர்களா, அந்தச் சலுகை மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் கணிசமானதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. ஆண்டு மொத்தத்தைப் பார்த்து எல்லாப் பெட்டிகளுக்கும் தருகிறீர்கள். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வாடிக்கையாளரை முழுவதுமாகப் பார்ப்போம். ஒரு பெட்டி 100. ஆண்டுக்கு 12,000 பெட்டி எட்டினால் எல்லாப் பெட்டிக்கும் 3 சதவீதம், 20,000 எட்டினால் எல்லாப் பெட்டிக்கும் 5 சதவீதம், 12,000-க்குக் கீழே ஒன்றும் இல்லை. ஸ்கீம் ஆண்டும் உங்கள் கணக்கு ஆண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். போன இரண்டு ஆண்டுகளில் இவர் 13,000-க்கும் 14,500-க்கும் இடையில் வாங்கியிருக்கிறார். இந்த ஆண்டும் அதே அளவு வாங்குவார் என்று விற்பனைப் பிரிவு சொல்கிறது.

முதல் காலாண்டில் 2,500 பெட்டி போகிறது. இதுவரை எந்த ஸ்லாபையும் அவர் தொடவில்லை, அப்படியானால் ரிபேட் பூஜ்யம்தானே என்று தோன்றும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 'இதுவரை எவ்வளவு வாங்கினார்' என்பதை வைத்து விகிதத்தை எடுக்கக் கூடாது. 'ஆண்டு முடிவில் எவ்வளவு வாங்கியிருப்பார்' என்பதுதான் கேள்வி. அவர் 13,000-ஐத் தாண்டுவார் என்பது நம் எதிர்பார்ப்பு, ஆகவே விகிதம் 3 சதவீதம். 2,50,000-க்கு இன்வாய்ஸ் போடுகிறோம், 7,500-ஐக் கழிக்கிறோம், விற்பனை 2,42,500. அந்த 7,500 வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பாகப் பேலன்ஸ் ஷீட்டில் நிற்கிறது. இரண்டாம் காலாண்டில் 3,500 பெட்டி. எதிர்பார்ப்பு மாறவில்லை. இன்னும் 10,500 சேர்ந்து பொறுப்பு 18,000 ஆகிறது.

மூன்றாம் காலாண்டில் அவர் புதிதாக ஒரு பகுதிக்கும் சரக்கு அனுப்ப ஆரம்பிக்கிறார். அந்த மூன்று மாதத்தில் மட்டும் 6,500 பெட்டி, ஆக மொத்தம் 12,500. ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் ஆண்டு முடிவுக்குள் 21,000 பக்கம் போவார் போலிருக்கிறது. இப்போது விகிதம் 5. இந்த 5 மூன்றாம் காலாண்டின் பெட்டிகளுக்கு மட்டும் பொருந்துவதில்லை, ஏற்கெனவே விற்ற 6,000 பெட்டிக்கும் பொருந்தும். ஏனென்றால் அந்தப் பெட்டிகளின் விலையும் 97-லிருந்து 95-க்கு இறங்கிவிட்டது. மொத்தம் 12,50,000-க்கு 5 சதவீதம் 62,500. கையில் 18,000 ஏற்கெனவே இருக்கிறது. மீதி 44,500 முழுக்க இந்தக் காலாண்டின் விற்பனையைக் குறைக்கும். அதில் 32,500 இந்தக் காலாண்டுப் பெட்டிகளுக்கு, 12,000 பழைய பெட்டிகளுக்கான பாக்கி. முடிந்துபோன இரண்டு காலாண்டுகளைத் திறந்து திருத்த வேண்டாம். அப்போது இருந்த தகவலுக்கு அப்போதைய மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது, புதுத் தகவல் வந்த காலாண்டு அதன் விளைவை ஏற்கிறது.

நான்காம் காலாண்டில் 8,100 பெட்டி. மொத்தம் 20,600. ரிபேட் மொத்தம் 1,03,000, இந்தக் காலாண்டின் பங்கு 40,500. இரண்டு மாதம் கழித்து கிரெடிட் நோட் போகும்போது பொறுப்பைப் பற்று வைத்து வாடிக்கையாளர் பாக்கியை வரவு வைப்பீர்கள், அவ்வளவுதான். லாப நட்டக் கணக்கு அன்று அசையவே அசையாது. அசைந்தால், ஆண்டு முடிவில் போட்ட மதிப்பீட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் பழைய வழியில் இதே வாடிக்கையாளரிடம் இந்த ஆண்டு விற்பனை 20,60,000 என்று நின்றிருக்கும், 1,03,000 அடுத்த ஆண்டுச் செலவில் போய் விழுந்திருக்கும். ஸ்லாபைத் தாண்டும்போது எழுதுவது என்ற நடுவழியும் சிலரிடம் உண்டு. அதில் முதல் அரை ஆண்டு ஒன்றுமே குறையாது. மூன்றாவதில் 37,500, நான்காவதில் 65,500 என்று திடீர்ப் பள்ளம் விழும். மாதாமாதம் லாப விகிதம் பார்க்கும் மேலாளர், நான்காம் காலாண்டில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தேட ஆரம்பிப்பார். நடந்தது என்னவோ ஆண்டு முழுவதும் ஒரே வியாபாரம்தான்.

தினசரி வேலையில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் கழித்துப் பதிய வேண்டிய அவசியம் இல்லை. இன்வாய்ஸ் முழு விலைக்கே போகட்டும். விற்பனைத் தலைப்புக்குக் கீழேயே 'விற்பனை ரிபேட்' என்று ஒரு கழிவுக் கணக்கைத் திறந்து, மாத முடிவில் அதைப் பற்று வைத்து, 'ரிபேட் பொறுப்பு' கணக்கை வரவு வையுங்கள். இந்தக் கழிவுக் கணக்கு விற்பனைக் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். விற்பனைச் செலவுக் குழுவில் திறந்துவிட்டால், லாபம் சரியாக வந்தாலும் விற்பனை ஊதித் தெரியும். வாடிக்கையாளர் வாரியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இதுவரை வாங்கியது, ஆண்டுக்கு எதிர்பார்ப்பது, அந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரம் என்ன, விகிதம், சேர வேண்டிய பொறுப்பு, ஏற்கெனவே சேர்ந்தது ஆகியவை இருந்தால் போதும். 'ஆதாரம் என்ன' என்ற பத்திதான் ஆடிட்டர் முதலில் பார்ப்பது. அதில் 'விற்பனை மேலாளர் சொன்னார்' என்று மட்டும் இருந்தால் பத்தாது. போன ஆண்டு அளவு, கையிலிருக்கும் ஆர்டர், இன்ன காரணத்தால் கூடுகிறது என்று எழுத வேண்டும்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன்: எவ்வளவு என்றே தெரியாதே?

ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு இருப்பது மூன்றே முடிவுகள்: பூஜ்யம், 3, அல்லது 5. இவற்றில் எது நடக்க வாய்ப்பு அதிகமோ அதை எடுங்கள். மூன்றையும் வாய்ப்புக்கு ஏற்ப எடைபோட்டுச் சராசரி எடுத்து 3.6 என்று எழுதினால், ஒருபோதும் நடக்காத ஒரு விகிதத்தை எழுதியதாகும். ஆனால் ஒரே மாதிரி ஸ்கீமில் நூறு சிறு வாடிக்கையாளர்கள் இருந்தால் நிலைமை தலைகீழ். அவர்களில் யார் எந்த ஸ்லாபில் நிற்பார் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. மொத்தத்தில் இத்தனை பங்கு இந்த ஸ்லாபில் நிற்கும் என்று போன ஆண்டுகளை வைத்து நன்றாகவே சொல்ல முடியும். அங்கே எடைபோட்ட சராசரிதான் பொருந்தும். எது பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒப்பந்தம் முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எண் சாதகமாக வருகிறது என்பதற்காக நடுவில் மாற்றக் கூடாது.

அப்புறம் இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ரிபேட்டைக் குறைவாக மதிப்பிட்டால் விற்பனை கூடும், பின்னால் குறைக்க நேரும். கூடுதலாக மதிப்பிட்டால் அந்த ஆபத்து இல்லை. ஆகவே விதி இப்படி: இதுவரை கணக்கில் ஏற்றிய விற்பனையைப் பின்னால் கணிசமாகத் திருப்ப நேராது என்பது மிக உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த விற்பனையை ஏற்ற வேண்டும். நம் வாடிக்கையாளர் 19,400-க்கும் 20,500-க்கும் இடையில் எங்கேயோ முடிப்பார் என்று இருந்தால், 3-ஐ எழுதிக் காத்திருக்க முடியாது. 20,000-ஐத் தாண்ட மாட்டார் என்று மிக உறுதியாகச் சொல்ல முடியாததால் 5-ஐ எழுத வேண்டும். ஸ்கீம் புதிது, வாடிக்கையாளர் புதிது, பழைய அனுபவம் இல்லை என்றாலும் இதே சாய்வுதான். அதற்காக எல்லாருக்கும் எப்போதும் அதிக ஸ்லாபை எழுதி வைத்து, நல்ல ஆண்டில் சேர்த்து, மோசமான ஆண்டில் அவிழ்த்துவிடும் பழக்கத்தையும் ஏற்க முடியாது. 13,500 வாங்கும் வாடிக்கையாளருக்கு 5 எழுதுவது எச்சரிக்கை ஆகாது, அது தப்பான கணக்கு.

உங்கள் நிலையில் இன்னொரு ஆறுதல் உண்டு. ஸ்கீம் ஆண்டும் கணக்கு ஆண்டும் ஒன்றாக முடிவதால், கணக்கில் கையெழுத்தாகும் நேரத்துக்குள் அவர் எத்தனை பெட்டி வாங்கினார் என்பது பெரும்பாலும் எண்ணி முடித்த விஷயமாகிவிடும். ஆண்டு முடிவுக் கணக்கில் அங்கே மதிப்பீடு என்று ஒன்றும் பெரிதாக மிஞ்சாது, எண்ணிப் பெருக்கினால் போதும். நிஜமான மதிப்பீடு தேவைப்படுவது நடுக் காலாண்டுகளில்தான். ஸ்கீம் வேறு மாதத்தில் முடிகிறது என்றால் மட்டுமே ஆண்டு முடிவிலும் முன்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எண்ணி முடித்தாலும் இரண்டு இடங்களில் கணக்கு கவிழும். ஒன்று, கடைசி வாரக் கொள்முதல். ஸ்லாபுக்கு ஐந்நூறு பெட்டி குறைகிறது என்றால், வாடிக்கையாளர் கடைசி வாரத்தில் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பார். அடுத்த மாதம் அதில் பாதி திரும்பி வரும். நம் 20,600-ல் 700 பெட்டி திரும்பினால் நிகரம் 19,900, ஸ்லாபுக்குக் கீழே. ஸ்கீம் நிகரக் கொள்முதலை எண்ணுகிறதா, மொத்தத்தையா என்று பார்க்க வேண்டும். எழுத்தில் நிகரம் என்று இருந்தாலும், உறவு கெடும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு வழக்கமாக 5-ஐயே தந்துவிடும் என்றால், கணக்கிலும் 5-தான் வர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியது மட்டுமல்ல, வாடிக்கையாளர் நியாயமாக எதிர்பார்க்கும் அளவுக்கு ஊறிப்போன பழக்கமும் விலையைத் தீர்மானிக்கும். திரும்பி வரும் என்று எதிர்பார்க்கும் பெட்டிகளின் விற்பனையையும் தனியாகக் கழிக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, கடிதத்தில் இல்லாத வாக்குறுதி. நான் ஆடிட் செய்த ஒரு நிறுவனத்தில் ரிபேட் தாள் மிகச் சுத்தமாக இருந்தது. ஸ்லாப், அளவு, விகிதம் எல்லாம் ஸ்கீம் கடிதத்தோடு பொருந்தின. ஆனால் ஆண்டு முடிந்து போன கிரெடிட் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, பெரிய வாடிக்கையாளர் நான்கு பேருக்கு மட்டும் சரியாக 1 சதவீதம் கூடுதலாகப் போயிருந்தது. விசாரித்தால், ஆண்டு நடுவில் விற்பனை மேலாளர் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'இந்த ஆண்டு உங்களுக்கு ஒன்று கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறேன்.' கணக்குப் பிரிவுக்கு அந்த வரி வரவே இல்லை. அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை, அதுவும் கணக்கு விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் விற்பனைப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் 'கடிதத்துக்கு வெளியே யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, சொன்னவை இவை' என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். போன ஆண்டுப் பொறுப்பையும் நிஜமாகப் போன கிரெடிட் நோட்டையும் வாடிக்கையாளர் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், உங்கள் மதிப்பீட்டு முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, போன ஆண்டு ரிபேட் விவகாரம். இரண்டையும் ஒரே ஆண்டு தாங்க வேண்டியதில்லை. இன்று முறையை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே விட்டால், இந்த ஆண்டு இரண்டு ஆண்டு ரிபேட்டைச் சுமக்கும். அது எந்த ஆண்டின் லாபத்தையும் சரியாகக் காட்டாது. போன ஆண்டு விற்பனைக்கான ரிபேட்டைப் போன ஆண்டிலேயே கழித்திருக்க வேண்டும், அதற்கு வேண்டிய தகவலும் அப்போதே கையில் இருந்தது. ஆகவே இதை மதிப்பீடு மாறியதாகக் காட்ட முடியாது. ஐஏஎஸ் 8 என்ற தரநிலை சொல்லும் முந்தைய காலப் பிழை இது. தொகை முக்கியமானது என்றால், ஒப்பீட்டுக்குக் காட்டும் போன ஆண்டு எண்களைத் திருத்திக் காட்ட வேண்டும், நடந்ததைக் குறிப்பில் விளக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போன ஆண்டுக் கணக்கில் அதற்கும் முந்தைய ஆண்டு ரிபேட் செலவாக விழுந்திருக்கும். திருத்தும்போது அதை வெளியே எடுத்து போன ஆண்டின் தொடக்க இருப்பு லாபத்திலிருந்து கழிக்க வேண்டும், போன ஆண்டுக்குரியதை உள்ளே கொண்டுவர வேண்டும். முந்தைய ஆண்டு ரிபேட் 8,00,000, போன ஆண்டுக்குரியது 9,50,000 என்று வைத்துக்கொண்டால், போன ஆண்டு லாபம் வரிக்கு முன் 1,50,000 மட்டுமே குறையும். விற்பனை 9,50,000 குறையும், விற்பனைச் செலவும் 8,00,000 குறையும். தொடக்க இருப்பு லாபத்திலிருந்து 8,00,000 கழியும். இந்த ஆண்டுச் செலவில் உட்கார்ந்திருக்கும் 9,50,000 வெளியேறி, இந்த ஆண்டு தன் சொந்த ரிபேட்டை மட்டும் சுமக்கும்.

லாபத்தில் வித்தியாசம் சின்னதாகத் தெரிவதால் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பேலன்ஸ் ஷீட்டைக் காட்டுங்கள். அங்கே போன ஆண்டு முடிவில் 9,50,000 பொறுப்பு விட்டுப்போயிருக்கிறது. வங்கிக் கடன் நிபந்தனை எதிலாவது விற்பனை அளவோ நடப்புச் சொத்து விகிதமோ இருந்தால், திருத்திய எண்களில் அது இன்னும் நிற்கிறதா என்று கணக்கை வெளியிடும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நிபந்தனை உடைவது தெரிந்தால் வங்கியிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள்.